எல்லாளனுக்கு எத்தனை திகதி?

எல்லாளன் எப்போது ஆண்டான் என்று இரண்டு புத்தகங்களைத் திறந்து பாருங்கள். ஒன்றில் கி.மு. 205 முதல் 161 வரை என்று இருக்கும். இன்னொன்றில் கி.மு. 145 முதல் 101 வரை என்று இருக்கும். இரண்டிலும் 44 வருடம், சரியாக அறுபது வருட இடைவெளி. முகநூலில் இதை வைத்து அடிபடுகிறவர்களும் உண்டு. ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரைப் பார்த்து "வரலாறு தெரியாதவர்கள்" என்கிறார்கள். இந்த அறுபது வருடம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் அதைத்தான் கேட்டுப் பார்க்கிறோம். அதற்குப் போகும் வழியில், பழைய காலத்துக்குத் திகதி போடும் வேலை எப்படி நடக்கிறது என்பதும் விளங்கும்.

கூட்டல் கணக்கு

மகாவம்சம் கி.மு., கி.பி. என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அதற்கு அப்படி ஒரு கணக்கே தெரியாது. அது தருவது ஒரு அரசர் பட்டியல்: இன்னார், அவருக்குப் பிறகு இன்னார், ஒவ்வொருவரும் இத்தனை வருடம். பட்டியலின் தொடக்கப் புள்ளி புத்தரின் பரிநிர்வாணம். விஜயன் கரையிறங்கியது அதே நாளில் என்கிறது நூல்.

விஜயனிலிருந்து தேவநம்பிய தீசன் வரை கூட்டிப் பார்ப்போம். விஜயன் 38. பிறகு அரசன் இல்லாத 1 வருடம். பண்டுவாசுதேவன் 30. அபயன் 20. மறுபடியும் அரசன் இல்லாத 17. பண்டுகாபயன் 70. மூத்தசிவன் 60. எல்லாம் சேர்த்து 236. ஆகவே தீசன் முடிசூடியது பரிநிர்வாணத்துக்குப் பிறகு 236ஆம் வருடம். எங்கள் நாட்டில் பௌத்த வருடம் எண்ணப்படுவது கி.மு. 544/543 இலிருந்து. அதில் 236 ஐக் கழித்தால் தீசனுக்குக் கி.மு. 307 கிடைக்கும். அங்கிருந்து கீழே இறங்கினால் எல்லாளனுக்கு 205 வரும்.

கூட்டல் பிழையில்லை. ஆனால் கூட்டப்பட்ட எண்களைக் கொஞ்சம் பாருங்கள். பண்டுகாபயன் 37 வயதில் அரசேறி 70 வருடம் ஆண்டான் என்றால், 107 வயதில் இறந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவனுடைய மகன் 60 வருடம் ஆள்கிறான். பிறகு பேரன் தீசன் 40 வருடம்.

இன்னும் இருக்கு. தீசனுக்குப் பின் உத்தியன் 10, மகாசிவன் 10, சூரதிஸ்ஸன் 10. அடுத்து குதிரை வணிகனின் பிள்ளைகளான சேனனும் குத்திகனும் 22. அவர்களை வென்று அசேலன் 10. அசேலனைத் தோற்கடித்துத்தான் எல்லாளன் வருகிறான். இந்த அசேலன் யார்? மூத்தசிவனின் மகன், தீசனின் சகோதரன் என்கிறது மகாவம்சம். தகப்பன் இறந்ததிலிருந்து எண்ணினால் 40, 30, 22 சேர்த்து 92 வருடம் கழித்து மகன் அரசேறி, மேலும் 10 வருடம் ஆள்கிறான். தகப்பன் இறந்து 102 வருடத்துக்குப் பிறகும் மகன் சிம்மாசனத்தில் இருக்கிறான்.

அரசர் பட்டியலை வாசிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பட்டியல் பொய் என்று தூக்கி எறிவதற்காக அல்ல. எந்தப் பகுதியில் எண்கள் இழுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கத்தான். பத்துப் பத்தாக நிற்கும் ஆட்சிகள் நினைவில் இருந்த எண்கள் அல்ல, நிரப்பப்பட்ட எண்கள் என்று சந்தேகப்படலாம். மனித ஆயுளுக்குள் அடங்காத தலைமுறைகள் வந்தால், தெரிந்த அரசர்களைக் கொண்டு தெரியாத ஒரு நீளத்தை மூட முயன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பட்டியலில் அந்த நீளம், விஜயனையும் பரிநிர்வாணத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தேவைப்பட்ட நீளம்.

ஒரு ஆணி வேண்டும்

பட்டியல் ஒன்று எவ்வளவு நீளம் என்று மட்டும்தான் சொல்லும். அதைக் காலத்தில் எங்கே தொங்கவிடுவது என்று சொல்லாது. தொங்கவிட ஒரு ஆணி தேவை. எங்கள் பட்டியலுக்கு அந்த ஆணி அசோகன்.

ஏன் அசோகன்? மகாவம்சப்படி, அசோகனின் முடிசூட்டு பரிநிர்வாணத்துக்குப் பிறகு 218ஆம் வருடம். தீசனின் முடிசூட்டு 236. இரண்டுக்கும் இடையில் 18 வருடம். அசோகனின் வருடம் கிடைத்தால் தீசனின் வருடமும் கிடைக்கும். பரிநிர்வாணம் எப்போது என்ற கேள்விக்கே போகத் தேவையில்லை.

முதலில் பௌத்த வருடக் கணக்கைச் சோதிப்போம். 544 இலிருந்து 218 ஐக் கழித்தால் அசோகன் முடிசூடியது கி.மு. 326. அந்த வருடம் பஞ்சாபில் யார் நின்றது? அலெக்சாந்தர். அலெக்சாந்தர் போன பிறகுதான் சந்திரகுப்த மௌரியன் ஆட்சியைப் பிடிக்கிறான். கிரேக்கர்கள் அவனைச் சாண்ட்ரோகோட்டஸ் என்று எழுதினார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று வில்லியம் ஜோன்ஸ் 1793 இல் சொன்னார். அசோகன் அந்தச் சந்திரகுப்தனின் பேரன். தாத்தா ஆட்சிக்கு வர முதலே பேரன் முடிசூட முடியாது. எனவே 544 இலிருந்து எண்ணும் கணக்கு அசோகனிடம் வந்து உடைகிறது. மகாவம்சத்தை 1837 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜோர்ஜ் டேர்னரே இந்த அறுபது வருட முரண்பாட்டைக் கண்டிருந்தார்.

சரி, அப்ப அசோகனுக்குச் சரியான வருடம் எது? இரண்டு வழியில் போகலாம்.

முதல் வழி கல்வெட்டு. அசோகனின் பதின்மூன்றாம் பெரும் பாறைக் கல்வெட்டு கல்சி, ஷாபாஸ்கர்ஹி போன்ற இடங்களில் இருக்கிறது. தருமத்தின் வெற்றி எங்கெங்கு போனது என்று சொல்லும்போது ஐந்து யவன அரசர்களின் பெயர் வருகிறது: அந்தியோகன், துரமாயன், அந்திகினி, மகா, அலிகசுதரன். அதே வரிசையில் தெற்கே சோழர், பாண்டியர், தாம்பபர்ணி வரை என்றும் வருகிறது. அந்த ஐந்து பெயரும் கிரேக்க உலகத்தில் தெரிந்த ஆட்கள். சிரியாவின் அந்தியோகஸ், எகிப்தின் இரண்டாம் தொலமி, மக்கெடோனியாவின் அந்திகோனஸ், சைரீனின் மகாஸ், அத்துடன் எபிரஸ் அல்லது கொரிந்தின் அலெக்சாந்தர்.

ஐந்து பேரும் உயிரோடு, ஆட்சியில் இருக்கும் காலம் ஒரு சின்ன யன்னல்தான். இரண்டாம் அந்தியோகஸ் அரசேறியது கி.மு. 261. மகாஸ் இறந்தது 250 அளவில். ஆக, கல்வெட்டில் உள்ள செய்தி ஏறக்குறைய 260 இலிருந்து 250 வரையான காலத்துக்குரியது. பெரும் பாறைக் கல்வெட்டுத் தொகுதி தன் காலத்தைத் தானே சொல்கிறது: முடிசூடி 12, 13 வருடம் என்று. 260 உம் 13 உம் 273. 250 உம் 13 உம் 263. முடிசூட்டு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ விழ வேண்டும். அந்தியோகஸ் என்பது தகப்பனான முதலாம் அந்தியோகஸ் என்று எடுத்தால் யன்னல் இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் திறக்கும்.

இரண்டாவது வழி மௌரியப் பட்டியல். சந்திரகுப்தன் கி.மு. 321 அளவில் ஆட்சிக்கு வந்தான். அவனுக்கு 24 வருடம். மகன் பிந்துசாரனுக்குப் புராணங்கள் 25 என்றும் மகாவம்சம் 28 என்றும் தருகின்றன. அசோகன் ஆட்சியைப் பிடித்து நாலு வருடம் கழித்தே முடிசூடினான் என்கிறது மகாவம்சம். கழித்துப் பாருங்கள். புராணக் கணக்கில் 268, மகாவம்சக் கணக்கில் 265. இரண்டும் கல்வெட்டு தந்த யன்னலுக்குள் விழுகின்றன.

இதுதான் முக்கியமான இடம். பாறையில் வெட்டிய ஐந்து பெயரும், பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட பட்டியலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையல்ல. அப்படியிருந்தும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அப்படிச் சேர்வதைத்தான் வரலாற்றாய்வாளர் ஆதாரம் என்கிறார். ஒரே நூலைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினால் அது பத்து ஆதாரம் ஆகாது.

இப்ப தீசனுக்குத் திரும்புவோம். 268 இல் 18 ஐக் கழித்தால் 250. 265 இல் 18 ஐக் கழித்தால் 247. புத்தகங்களில் தேவநம்பிய தீசனுக்கு ஒரு இடத்தில் 250 என்றும் இன்னொரு இடத்தில் 247 என்றும் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று வருட வித்தியாசத்தைப் பிந்துசாரனின் 25, 28 என்ற இந்த எண்களிலேயே காணலாம்.

கிரேக்க அரசர்களின் வருடங்களை எப்படி நம்புவது என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பாபிலோனில் வானத்தைப் பார்த்துக் களிமண் பலகையில் நாள்தோறும் குறிப்பெழுதிய ஆட்கள் இருந்தார்கள். சந்திரன் எங்கே நின்றது, எந்தக் கோள் எங்கே தெரிந்தது, அன்று பார்லியின் விலை என்ன என்றெல்லாம் எழுதினார்கள். அப்படி ஒரு பலகையில், ஒரு மாதத்தின் 29ஆம் நாள் "அரசன் இறந்தான்" என்ற குறிப்பு இருக்கிறது. அது அலெக்சாந்தரின் மரணம். வானக் குறிப்புகளைப் பின்னோக்கிக் கணித்தால் அந்த நாள் கி.மு. 323 யூன் 11 என்று வருகிறது. அதாவது அநுராதபுரத்தில் தீசன் முடிசூடிய வருடம் என்று நாங்கள் சொல்லும் எண், கடைசியில் போய்த் தங்குவது பாபிலோனியச் சந்திரனில்.

அறுபது வருடத்தை எங்கே வைப்பது?

தீசன் 307 இலிருந்து 247 க்கு இறங்கிவிட்டான். அப்படியானால் அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அறுபது வருடம் இறங்க வேண்டுமா?

ஆம் என்பவர்கள் பட்டியலை அப்படியே கீழே தள்ளுகிறார்கள். 247 இலிருந்து 40, 10, 10, 10, 22, 10 என்று கழித்தால் 145. எல்லாளன் 145 முதல் 101 வரை. ஜேர்மனிய அறிஞர் வில்ஹெல்ம் கைகரின் கணக்கு இந்த வழியில் போகிறது. ஆனால் இதில் அசேலன் இன்னும் தகப்பன் இறந்து 102 வருடம் கழித்து ஆண்டுகொண்டிருக்கிறான். கூடவே, மிகையான அறுபது வருடத்தைப் பட்டியலில் பிற்காலத்தில் எங்கோ கழித்தாக வேண்டும். ஏனென்றால் கி.பி. 11ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது, ஐந்தாம் மகிந்தனைச் சோழர் சிறைபிடித்த காலத்தில், சோழக் கல்வெட்டுகளின் வருடங்களும் 544 இலிருந்து எண்ணும் கணக்கும் பொருந்திப் போகின்றன.

இல்லை என்பவர்கள் எல்லாளனை 161 இலேயே நிறுத்திவிட்டு, தீசனுக்கும் எல்லாளனின் சாவுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சுருக்குகிறார்கள். தீசன் 250, எல்லாளனின் முடிவு 161, இடையில் 89 வருடம். அதில் எல்லாளனின் 44 ஐயும் சேனன் குத்திகனின் 22 ஐயும் முழுசாகக் கொடுத்தால் மிச்சம் 23. அந்த 23 வருடத்துக்குள் தீசன், மூன்று சகோதரர், அசேலன் என்று ஐந்து பேரின் 80 வருடத்தை அடக்க வேண்டும். அசேலனின் ஆயுள் இப்போது நம்பக்கூடியதாகிறது: தகப்பன் இறந்து 45 வருடத்துக்குள் அவன் கதை முடிந்துவிடும். ஆனால் தீசனின் 40 வருடம் போய்விட்டது.

இரண்டு வழியிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். இதில் யாரும் மற்றவரை ஏமாற்றவில்லை. எல்லாளனுக்கு இரண்டு திகதி இருப்பது இதனால்தான்.

கல்வெட்டு உதவாதா? எங்கள் குகைக் கல்வெட்டுகள் ஏராளம். இராஜகல என்ற இடத்தில் மகிந்த தேரரின் பெயர் சொல்லும் பிராமிக் கல்வெட்டுக்கூட இருக்கிறது. அது மகிந்தர் வெறும் கதையல்ல என்பதற்குப் பெரிய ஆதாரம். ஆனால் அதில் வருடம் இல்லை. எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்வார்கள், அதற்கு ஒரு நூற்றாண்டு அளவுக்கு முன்பின் இடம் விட வேண்டும். ஒரே காலத்தில் ஒரு கிராமத்துக் கல்தச்சன் பழைய வடிவத்தை வெட்டுவான், நகரத்தவன் புதிய வடிவத்தை வெட்டுவான். அறுபது வருடத்தைப் பிரிக்கும் கூர்மை எழுத்து வடிவத்துக்கு இல்லை.

ஆய்வுகூடம் தீர்த்து வைக்குமா?

இங்கேதான் "காபன் டேட்டிங் செய்தால் தெரிந்துவிடும்" என்ற பேச்சு வரும். காபன் முறை அளப்பது ஒரு உயிர் எப்போது காபனை உள்ளெடுப்பதை நிறுத்தியது என்பதை. மரம் உயிரோடு இருக்கும்போது வளியிலிருந்து காபன்-14 ஐ எடுக்கும். செத்த பிறகு அது குறைந்துகொண்டே போகும், 5,730 வருடத்தில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் காலம் வரும். ஆனால் வளிமண்டலத்தில் காபன்-14 எப்போதும் ஒரே அளவில் இருக்கவில்லை. அதனால் ஆய்வுகூடம் தரும் எண்ணை, வயது தெரிந்த மர வளையங்களைக் கொண்டு வரைந்த வளைகோட்டில் வைத்து நாட்காட்டி வருடமாக மாற்ற வேண்டும்.

சிக்கல் அந்த வளைகோட்டில் இருக்கிறது. கி.மு. 800 க்கும் 400 க்கும் இடையில் அது ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. 2450 வருடம், கூட்டல் கழித்தல் 30 என்று ஆய்வுகூடம் சொன்னால், அது கி.மு. 750 அளவிலிருந்து 410 அளவு வரை எங்கும் இருக்கலாம். கருவி நல்லதாக இருந்தாலும் இதுதான் நிலைமை. கீழடியின் கி.மு. 580 என்ற எண் இந்தத் தட்டைக்குள்தான் விழுகிறது. 2019 இல் வெளியான அறிக்கைப்படி அது 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டின் திகதி. அதற்கு முதலில் ஒரு வீச்சு இருக்கிறது. அடுத்து, அது கரியின் வயது, எழுத்துப் பொறித்த ஓட்டின் வயது அல்ல. இரண்டும் ஒரே மண்படையில், குலையாமல் கிடந்தன என்று அகழ்ந்தவர் காட்ட வேண்டும்.

அநுராதபுரத்திலும் இதே கேள்வி உண்டு. சிரான் தெரணியகலவின் அகழ்வுகளும், பிறகு 1989 இலிருந்து றொபின் கொனிங்ஹாமின் குழு அங்கே வெட்டிய ஆழமான குழியும் இரண்டு விசயத்தைக் காட்டின. முதலாவது, விஜயனுக்குச் சொல்லப்படும் காலத்துக்கு நன்றாக முன்பே அங்கு இரும்பு பாவித்த குடியிருப்பு இருந்தது. அது பல படைகளில், பல மாதிரிகளில் தெரிகிறது, உறுதியான செய்தி. இரண்டாவது, பிராமி எழுத்துள்ள ஓடுகள் அசோகனுக்கு முந்திய, கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் படைகளில் கிடைத்தன என்பது. இதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பிற்காலத்தில் தோண்டிய குழி, தூண் நட்ட துளை, எலி வளை வழியாகச் சின்ன ஓடு ஒன்று கீழ்ப்படைக்கு இறங்கலாம் என்பது எதிர்வாதம். முதலாவது செய்தி நூற்றாண்டுகளைப் பற்றியது, காபன் அதைத் தாங்கும். எல்லாளனின் அறுபது வருடத்தைக் காபன் தாங்காது. அந்தக் காலத்துக் கரி ஒன்று கிடைத்தாலும் அதன் வீச்சுக்குள் 205 உம் 101 உம் இரண்டுமே அடங்கிவிடும்.

எங்கள் நிலைப்பாடு

1815 மார்ச் 2 என்று கண்டி ஒப்பந்தத்துக்குப் போடுகிறோம். கி.மு. 161 என்று எல்லாளனின் சாவுக்குப் போடுகிறோம். பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சாகின்றன. பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே புள்ளி. முதலாவது கையெழுத்திட்ட பத்திரத்தில் உள்ள நாள். இரண்டாவது ஒரு கூட்டலின் விடை, அதிலும் எந்த எண்ணைச் சுருக்குவது என்று யாரோ எடுத்த முடிவின் விடை. இந்த வித்தியாசத்தை மறைத்துப் படிப்பிப்பதுதான் பிறகு சண்டையாக வருகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு பக்கம் விஜயன் வந்த நாளைக் காணி உறுதி மாதிரித் தூக்கிப் பிடிக்கிறது. மற்றப் பக்கம் 580 ஐத் தூக்கிப் பிடிக்கிறது. ஒன்று நாளைப் பொருத்துவதற்காக நீட்டப்பட்ட பட்டியலின் தொடக்கம். மற்றது முன்னூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வீச்சுக்குள் எடுத்த ஒற்றை எண். இரண்டையும் மோதவிட்டு வெல்லப்போவது யார்?

எங்கள் பக்கத்துக் காய்ச்சலையும் சொல்லத்தான் வேண்டும். மகாவம்சம் கட்டுக்கதை என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் எல்லாளன் 44 வருடம் நீதியாக ஆண்டான் என்கிறோம். அந்த 44 எங்கிருந்து வந்தது? அதே நூலிலிருந்து. அசோகனுக்கும் தீசனுக்கும் இடையிலான 18 வருடத்தையும் அதே நூல்தான் தருகிறது. நூலை எண் எண்ணாகச் சோதித்து வாசிக்க வேண்டும். பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விடுவது சோதனை அல்ல.

ஆகவே இந்தத் தளத்தில் இனி வரும் கட்டுரைகளுக்கும் புத்தக விமர்சனங்களுக்கும் நாங்கள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்கிறோம். கி.மு. திகதி எழுதினால், அது பட்டியலா, கல்வெட்டா, காபனா என்று அதே வசனத்தில் சொல்வோம். காபன் என்றால் வீச்சு முழுவதையும் போடுவோம், நடு எண்ணை மட்டும் போடமாட்டோம். அசோகனின் முடிசூட்டுக்கு "கி.மு. 268 அளவில்" என்று எழுதுவோம். எல்லாளனுக்கு "கி.மு. 2ஆம் நூற்றாண்டு" என்று எழுதி, இரண்டு கணக்கும் உண்டு என்று பக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம். எழுத அனுப்புகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கோ.